உப்பு சாடா

வேலூரில் என் மாமா மெஸ் நடத்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில் ஒன்று. பத்து மேஜை. வெளியே தமிழ்ப் பலகைக்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் பெங்காலிப் பலகை. வேலூருக்கு வந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காட்பாடியில் ரயில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, லாட்ஜில் ஒரு ரூம் எடுத்து, ஒரு வாரமோ மூன்று மாதமோ தங்குவார்கள். அந்தத் தெருக்களில் கடுகெண்ணெய் வாசம் அடிக்கும்.

2009-இல் நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். செமஸ்டர் லீவில் மாமாவுக்கு ஒரு ஆள் குறைந்ததால் என்னைக் கூப்பிட்டார். ஐந்து வாரம் சர்வராக இருந்தேன். இப்போது நான் பிழைப்பதும் சர்வர்களை வைத்துத்தான் என்பதால், ஆபீசில் இதைச் சொன்னால் ஒருமுறை சிரிப்பார்கள். அதோடு அந்த ஜோக் முடிந்தது.

அங்கே பதினான்கு வருடமாக இருந்த ஒரு அண்ணன்தான் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார். ஆரணிப் பக்கத்துக்காரர். அவருக்குப் பெங்காலி தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு நாளில் எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்குப் பெங்காலி தெரியாது. மொத்தம் முப்பது வார்த்தை தெரியும். ஆனால் அந்த முப்பதை வைத்துக்கொண்டு ஆர்டரில் தப்பு வராமல் பார்த்துக்கொள்வார்.

எனக்குக் கொஞ்சம் இந்தி வரும் என்று இறுமாப்பு. வந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தியும் என்னளவுக்குத்தான் தெரியும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. முர்ஷிதாபாத் கிராமத்திலிருந்து வந்த பெரியவரின் அரைகுறை இந்தியும் என் அரைகுறை இந்தியும் சேர்ந்தால் முழு இந்தி ஆகாது. முதல் நாளே ஒருவர் "பாத் சாய்" என்றார். பாத் என்றால் சோறு, தெரியும். சாய் என்றால் டீ, அதுவும் தெரியும். சோறும் டீயும் கொண்டுபோய் வைத்தேன். அவர் டீயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு அதைக் குடித்தார். பெங்காலியில் "சாய்" என்றால் "வேண்டும்". டீக்கு "சா". சோறு வேண்டும் என்று மட்டும்தான் அவர் சொன்னார்.

இதைவிட மோசம் ஜொல், ஜோல், ஜால். ஜொல் என்றால் தண்ணீர். ஜோல் என்றால் மீன் குழம்பு போன்ற தண்ணிக் குழம்பு. ஜால் என்றால் காரம். பெங்காலிக் காதுக்கு மூன்றும் மூன்று. குழம்பிலும் காரத்திலும் முதல் எழுத்தில் மூச்சு சேரும், தண்ணீரில் சேராது. தமிழில் அந்த மூச்சுக்கு எழுத்தும் இல்லை, நமக்கு அதைக் கேட்கும் காதும் இல்லை. "ஏக்டு ஜொல்" என்று கொஞ்சம் தண்ணீர் கேட்டவருக்குக் குழம்பு ஊற்றுவது எங்கள் மெஸ்ஸில் சகஜம். அண்ணன் இதற்குக் காதை நம்பவே மாட்டார். அந்தச் சத்தம் வந்ததும் ஒரு கையால் தண்ணி ஜக்கைத் தொடுவார், அப்புறம் குழம்பு வாளியை, அப்புறம் ஒரு பச்சை மிளகாயை. "கேக்கறத வுட்டுட்டு காட்டு தம்பி. அவங்க கண்ணு சொல்லும்."

அவர் ஆர்டர் எடுக்கும் முறையை ஒரு மத்தியானம் பக்கத்தில் நின்று கவனித்தேன். நாலு பேர். ஒரு கிழவி, மகன், மருமகள், தலையில் கட்டுப் போட்ட பத்து வயசுப் பையன்.

முதலில் இல்லாததைச் சொன்னார். "மாச் நேய்." மீன் இல்லை. அன்றைக்கு மீன் வரவில்லை. இருப்பதைச் சொல்லத்தானே வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பெங்காலிகள் உட்கார்ந்ததும் தேடுவது மீனைத்தான், அது இல்லை என்பது கடைசியில் தெரிந்தால் ஆர்டர் மொத்தமும் மாறும். மாற்றத்தில்தான் தப்பு நுழையும் என்று பிற்பாடு விளக்கினார். அதற்கப்புறம் "கீ காபேன்?" என்ன சாப்பிடுவீங்க? மகன் மூச்சு விடாமல் ஏதோ சொன்னான். அண்ணன் தலையாட்டவில்லை. "ஆஸ்தே, தாதா. ஆர் ஏக்பார் போலுன்." மெதுவா, அண்ணா. இன்னொரு தடவை சொல்லுங்க. (முதல் நாள் அவர் வாடிக்கையாளரை "தாதா" என்று கூப்பிட்டபோது எவனோ ரவுடி வந்திருக்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே அது அண்ணன். அக்காவுக்கு தீதீ.)

பிறகு ஒவ்வொரு பொருளாக. "பாத்?" கூடவே விரல்கள். "சார்ட்டே" என்றான் மகன். நாலு. அண்ணன் நாலு விரலை நீட்டி, "பாத் சார்ட்டே" என்று திருப்பிச் சொல்லி, நிறுத்தினார். மகன் தலை அசைந்த பிறகுதான் அடுத்தது. "டால்?" "துட்டோ." "டால் துட்டோ." நிறுத்தம். "டிம்?" முட்டை. "ஏக்டா." அதைக் கேட்டதும் அண்ணன் மேஜையில் பையனுக்கு முன்னால் விரலால் ஒரு தட்டுத் தட்டி, கிழவிக்கு முன்னால் ஒரு தட்டுத் தட்டினார். மருமகள் பையனைக் காட்டினாள். கடைசியில் மிளகாயை எடுத்துக் காட்டி, "ஜால்?" "கொம், கொம்" என்றாள் கிழவி. குறைவாக.

எல்லாம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, அவர்கள் வார்த்தையிலேயே, விரலோடு: பாத் சார்ட்டே, டால் துட்டோ, டிம் ஏக்டா, ஜால் கொம். "டிக் ஆச்சே?" சரிதானா என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு டிக் போட்டாச்சே என்று கேட்கும். நான் கற்றதிலேயே மறக்காத ஒரே வாக்கியம் அது.

இதில் புதிதாக என்ன இருக்கிறது, எல்லா ஓட்டலிலும் திருப்பிச் சொல்கிறார்களே என்று தோன்றலாம். சொல்கிறார்கள்தான். பல வருடம் கழித்து ப்ராஜெக்ட்டுக்காக யோகோஹாமா போயிருந்தேன். ஜப்பானில் ஆர்டர் எடுத்ததும் "கோ-ச்சூமோன் ஓ குரிகாயேஷிமாஸ்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் திருப்பிச் சொல்வது வழக்கம். உங்கள் ஆர்டரை மறுபடி சொல்கிறேன் என்று பொருள். அந்தப் பெண் பணிவாக, தெளிவாக, ஒரு சொல் விடாமல் சொன்னாள். ஒரு எழுத்தும் புரியாமல் நானும் பணிவாகத் தலையாட்டினேன். ஒரே நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் வந்தது. அவள் முறை தவறவில்லை. ஆனால் அவள் மொழியில் சொன்னதை நான் சரிபார்க்க வழியே இல்லை. மொழி தெரியாத ஊரில் உட்கார்ந்திருப்பவன் எதற்கும் தலையாட்டுவான். பசி, கூச்சம், பின்னால் காத்திருக்கிற கூட்டம். அந்தத் தலையாட்டலுக்கு "இந்த இடத்தை விட்டு நகருங்கள்" என்பதைத் தாண்டி அர்த்தம் கிடையாது.

அண்ணனுக்கு இது தெரிந்திருந்தது. சீக்கிரமாகத் தலையாட்டுகிறவர்களிடம் அவர் ஒரு வேலை செய்வார். திருப்பிச் சொல்லும்போது வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொல்வார். நாலு சாதம் கேட்டவரிடம் "பாத் தின்ட்டே?" மூன்றா? உடனே "நா நா, சார்ட்டே" என்று மறுத்தால் நல்லது, அந்த ஆள் காதால் கேட்கிறார். அதற்கும் தலையாட்டினால் இதுவரை ஆட்டியதெல்லாம் செல்லாது. சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருக்கும் மேஜைக்கே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டச் சொல்வார். நாங்கள் மென்பொருளில் வேண்டுமென்றே பிழையை நுழைத்து, எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்று பார்ப்போம். அவர் அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

மூன்றாவது வாரம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

பெங்காலியில் "நா" என்றால் இல்லை, வேண்டாம். இதை முதல் நாளே பிடித்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் ஒருவர் "டால் தின் நா" என்றார். தின் என்றால் கொடுங்கள். நா என்றால் இல்லை. ஆக பருப்பு கொடுக்காதே. சாதத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனேன். அவர் வெறுஞ்சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் வந்து பருப்பு ஊற்றிவிட்டு எனக்குச் சொன்னார். "தின் நா"ன்னா குடுக்காதேன்னு இல்ல. குடுங்களேன்னு கெஞ்சறது.

நமக்கும் இருக்கிறதே. "குடுங்களேன்" என்பதில் "ஏன்" என்று ஒன்று கேட்கிறது. தமிழ் தெரியாதவன் அதைக் கேள்வி என்றுதான் நினைப்பான். அந்த ஒப்புமை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கடைசியில் வருகிற நா, இல்லை என்று பொருள்படாது என்று நானாக ஒரு விதி எழுதிக்கொண்டேன். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. ஒரே ஒரு உதாரணத்திலிருந்து விதி எழுதுவது இன்ஜினியரிங் மாணவனின் வியாதி.

ஒரு தீதீ தினமும் பதினொன்றரைக்குப் பார்சல் வாங்க வருவார். மேதினிபூர்க்காரர். ஐம்பது வயதிருக்கும். புருஷனுக்குக் கிட்னி, டயாலிசிஸ். லாட்ஜ் மாடியில் படுத்திருந்தார், நான் பார்த்ததில்லை. வழக்கமாக அண்ணன்தான் அவரைக் கவனிப்பார். அன்றைக்கு அண்ணன் வாழைத்தண்டு வாங்க மார்க்கெட் போயிருந்தார். தீதீ வந்து, "பாத் ஏக்டா, டால் ஏக்டா, நூன் தேபேன் நா" என்றார்.

நூன் என்றால் உப்பு. தேபேன் என்பதும் கொடுப்பது சம்பந்தமானதுதான் என்று தெரியும். கடைசியில் நா. என் விதிப்படி: உப்பு கொடுங்களேன். எனக்கே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. அதனால் திருப்பிச் சொன்னேன். அண்ணன் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அவர் மொழியிலேயே. "நூன், நா?"

"ஹ்யா" என்றார். ஆமாம்.

நான் கேட்டது, உப்புதானே? அவர் காதில் விழுந்தது, உப்பு வேண்டாமா? இரண்டுக்கும் பதில் ஆமாம்தான். "தேபேன் நா" என்றால் கொடுக்காதீர்கள். "தின் நா" என்றால் கொடுங்களேன். வினைச்சொல் மாறினால் அந்த நாவின் வேலையே தலைகீழாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. பெரிய சட்டியிலிருந்த உப்புப் போட்ட பருப்பை ஊற்றி, கூடவே பேப்பரில் ஒரு பொட்டலம் உப்பும் மடித்துக் கொடுத்தேன்.

இருபது நிமிடத்தில் தீதீ திரும்பி வந்தார். அதற்குள் அண்ணனும் வந்திருந்தார். தீதீ சத்தம் போடவில்லை. பார்சலை மேஜையில் வைத்தார். ஒரு விரலைப் பருப்பில் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினார், தான் முதலில் ருசி பார்த்த பிறகுதான் அவருக்குக் கொடுப்பேன் என்று. உப்புப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். பிறகு எங்கள் மேஜையிலிருந்த உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வாசல் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார். "நூன் சாடா." சாடா என்றால் இல்லாமல், தவிர்த்து. அந்தச் சொல்லில் நா கிடையாது.

நோயாளி ருசி பார்த்திருந்தால் ஒரு வாய் உப்பில் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது, அன்றைக்கு அங்கே நடந்த ஒரே சரிபார்ப்பு அந்த அம்மாள் தன் நாக்கால் செய்தது.

உப்பில்லாத பருப்பு மறுபடி கொடுக்கவும் முடியவில்லை. இதுதான் வெளியாட்களுக்குத் தெரியாத விஷயம். மெஸ்ஸில் பருப்பு பெரிய சட்டியில் ஒரே தடவை வேகும். உப்புப் போடுவதற்கு முன்னால் சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் எடுத்து வைத்தால்தான் உண்டு. அண்ணன் தினமும் பதினொரு மணிக்கு முன்பே மாஸ்டரிடம் சொல்லி எடுத்து வைப்பார். மார்க்கெட் போகிற அவசரத்தில் அன்றைக்கு விட்டுப்போயிருந்தது. சர்வர் எத்தனை அழகாகப் புரிந்துகொண்டாலும் அடுப்படியில் அந்தச் சின்னப் பாத்திரம் இல்லையென்றால் சரி என்று சொல்லக் கூடாது. நேய் என்றுதான் சொல்ல வேண்டும். நிறையப் பேர் உப்பில்லாத இட்லி கேட்பார்கள், புது சர்வர்கள் சரி என்பார்கள். மாவிலேயே உப்பு இருக்கிறது என்பது யாருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வராது. அப்பளத்தில் இருக்கிறது, ஊறுகாயில் இருக்கிறது, எங்கள் சப்பாத்தி மாவிலும் இருந்தது. எங்களிடம் உப்புச் சேராதது வெறும் சாதம், அவித்த முட்டை, தயிர். அன்றைக்கு அண்ணன் மூன்றையும் காட்டினார். தீதீ சாதத்தையும் தயிரையும் தொட்டார்.

மாமா என்னைத் திட்டினார், அது தனிக் கதை. அண்ணன் திட்டவில்லை. "இன்னா தம்பி, நீ திருப்பிச் சொன்னதே கேள்வியாச்சே" என்றார். "கேள்வியா சொன்னா அவங்க ஆமாம்னுதான் சொல்லுவாங்க. எதுக்கு ஆமாம்னு யாருக்குத் தெரியும்?"

விமானிகள் கட்டுப்பாட்டு அறையோடு பேசும் முறையைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது இந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. அங்கே "ரோஜர்" என்றால் நீ சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய இடத்திலும், திருப்பிச் சொல்ல வேண்டிய இடத்திலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஓடுபாதையின் எண்ணையும் உயரத்தையும் விமானி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், கேட்பவர் அதைக் கேட்டு ஒப்பிட வேண்டும். கணினிகள் பேசிக்கொள்வதிலும் இதே சங்கடம் உண்டு. வந்தது என்று பதில் அனுப்புவது சுலபம். வந்தது சரியாக வந்ததா என்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் மெஸ்ஸில் சில விஷயங்கள் மாறின. "நா" என்ற சொல்லை நாங்கள் யாரும் எங்கள் வாயால் சொல்வதில்லை. அவர்கள் சொல்லலாம். நாங்கள் திருப்பிச் சொல்லும்போது "நூன் சாடா", "ஜால் சாடா" என்றுதான் சொல்வோம். கேள்விக் குரலிலும் சொல்லக் கூடாது. முடிந்துபோன விஷயம் மாதிரி தட்டையாகச் சொல்லிவிட்டு, உப்பு டப்பாவை எடுத்துப் பக்கத்து மேஜையில் வைப்போம். தப்பாக இருந்தால் அவர்கள் கை நீட்டி டப்பாவைத் திரும்ப இழுப்பார்கள். தலையாட்டுகிற மாதிரி யோசிக்காமல் செய்ய முடியாது அதை. டப்பாவை நகர்த்தும் வித்தை தீதீயுடையது என்பது புதிதாக வந்த பையன்களுக்குத் தெரியாது, அண்ணன் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுப்படியிலும் ஒன்று. நான் அதுவரை ஆர்டரை உள்ளே கத்திவிட்டு வந்துவிடுவேன். இப்போது "ஒரு சாதம், ஒரு பருப்பு, பருப்பு உப்பில்லாம" என்று சொன்னால் மாஸ்டர் "உப்பில்லாம ஒரு பருப்பு" என்று திருப்பிச் சொல்லும் வரை நான் நகரக் கூடாது. மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "எனக்கென்ன தமிழ் தெரியாதா?" என்று முறைத்தார். நாலு நாள் சொன்னார், அப்புறம் விட்டுவிட்டார். கூட்ட நேரத்தில் இதெல்லாம் நடக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மணிக்குப் பத்து மேஜையும் நிரம்பியிருக்கும்போது நாலு பேர் ஆர்டருக்கு இரண்டு நிமிடம் கொடுக்க முடியாது. அண்ணன் அப்போது ஒன்றை மட்டும் விடமாட்டார். கையில் மருந்துச் சீட்டு, தலையில் கட்டு, கையில் ஊசி குத்திய பஞ்சு, இப்படி யாராவது இருந்தால் அந்த மேஜைக்கு முழு முறை. மற்றவர்களுக்கு டீ வந்தால் குடிக்கட்டும் என்பார்.

தீதீ மறுநாளும் வந்தார். என்னிடமே. நான் தயாராக இருந்தேன். "பாத் ஏக்டா. டால் ஏக்டா. நூன் சாடா." டப்பாவை நகர்த்தினேன். அவர் அதைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, மாஸ்டருக்கு நான் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்சலைக் கையில் கொடுக்கும்போது மூடியைத் தட்டி என்னிடம் கேட்டார்: "உப்பு சாடா?"

உப்பு என்ற சொல்லை அடுப்படியிலிருந்து பொறுக்கியிருந்தார். நான் ஹ்யா என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு, "உப்பு சாடா" என்று தட்டையாகத் திருப்பிச் சொன்னேன். அவர் அங்கேயே மூடியைத் திறந்து விரலால் தொட்டு ருசி பார்த்தார். அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். நான் சொல்வேன், அவர் சொல்வார், பிறகு விரல்.

லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒரு நாள் அவர் வரவில்லை. சின்னப் பாத்திரத்தில் பருப்பு எடுத்து வைத்திருந்தது. இரண்டு மணி வரை அண்ணன் யாருக்கும் கொடுக்கவில்லை. மறுநாளும் எடுத்து வைத்தார். ஊருக்குப் போயிருப்பார்கள் என்றார் மாமா. லாட்ஜில் கேட்கலாமா என்று நான் கேட்டதற்கு அண்ணன் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, மாஸ்டர் சட்டியில் உப்பைப் போடுவதற்கு முன்னால் கையை நிறுத்தி, அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சின்னப் பாத்திரத்தை எடுத்து நீட்டினார்.